வௌவால் ஏன் தலைகீழாகத் தொங்குகிறது, ஏன் அந்தியில் மொத்தமாகக் கிளம்புகிறது?

பழைய கோயில் மண்டபங்கள், மலைக்குகைகள், ஊர் எல்லை ஆலமரங்கள் என்று வௌவால் அடையும் இடங்கள் நம் பக்கம் ஏராளம். பகல் முழுக்க அவை தலைகீழாகத் தொங்குவதையும், பொழுது சாய்ந்ததும் ஒரே மூச்சில் வெளியே கிளம்புவதையும் எல்லோரும் பார்த்திருப்போம். இவற்றை இரண்டு தனித்தனி வினோதங்களாகச் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கையைச் சிறகாக்கிக்கொண்ட ஒரு பாலூட்டி, அதற்காகக் காலை விட்டுக்கொடுத்தது. கால் போனதால் தொங்க வேண்டி வந்தது. தொங்க வேண்டி வந்ததால் கூரையும் குகையும் தேவைப்பட்டன. குகை என்றால் பெரும்பாலும் ஒரே வாசல். அந்த வாசலை விட்டு உயிரோடு வெளியேற வேண்டும் என்பதிலிருந்துதான் அந்திப் புறப்பாட்டின் கதை தொடங்குகிறது.

முதலில் காலைப் பார்த்துவிடுவோம்.

பறவைக்குச் சிறகு வேறு, கால் வேறு. காகம் காலால் உந்தி எழும்புகிறது, அப்புறம்தான் சிறகு வேலையைத் தொடங்குகிறது. காடை, மைனா வகைப் பறவைகளை அளந்து பார்த்ததில், கிளம்பும் நொடியில் கிடைக்கும் வேகத்தில் பெரும்பங்கு கால் தருவதாகத்தான் தெரியவந்தது. வௌவாலுக்கு இந்த வசதி இல்லை. அதன் சிறகு, நீண்டுபோன விரல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய தோல். அந்தத் தோல் கை விரல்களோடு நிற்பதில்லை. உடம்பின் பக்கவாட்டில் ஓடி, பின்னங்கால் வரை வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆக பின்னங்காலும் சிறகின் ஒரு பகுதி. பறக்கும்போது தோலை விறைப்பாகப் பிடிப்பதும் தளர்த்துவதும் அதன் வேலை. அந்த வேலைக்கு ஏற்றபடி இடுப்பு மூட்டு திரும்பியிருக்கிறது. நம் முழங்கால் முன்னால் மடங்குகிறது என்றால், வௌவாலின் முழங்கால் பக்கவாட்டிலும் பின்பக்கமுமாகப் பார்த்து நிற்கிறது. எலும்பும் மெலிந்தது, தசையும் குறைவு. பறக்கும் உயிருக்கு எடை குறைவது லாபம்தான். ஆனால் இப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டு பெரும்பாலான வௌவால்களால் நேராக எழுந்து நிற்க முடியாது, துள்ளி எழும்பவும் முடியாது.

அப்படியென்றால் கிளம்புவது எப்படி? விழுந்துதான். உயரத்தில் தொங்குகிறது, பிடியை விடுகிறது, விழுகிறது, விழும்போதே சிறகை விரிக்கிறது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், ஒரு மீட்டர் விழுந்தாலே நொடிக்கு 4.4 மீட்டர் வேகம் வந்துவிடும். அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். அதற்கு ஆகும் நேரம் அரை நொடிகூட இல்லை. காகம் காலால் சம்பாதிப்பதை வௌவால் உயரத்தில் சேமித்து வைத்திருக்கிறது என்று சொல்லலாம். ஆபத்து வந்தால் தப்புவதற்கும் இதுவே வழி. தொங்கும் வௌவால் எந்த நொடியும் பறக்கத் தயாராக இருக்கிறது. தரையில் கிடக்கும் வௌவால் அப்படி இல்லை.

இதில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். 'தரையில் விழுந்த வௌவாலால் பறக்கவே முடியாது' என்று பலர் சொல்கிறார்கள். எல்லா இனத்துக்கும் அது பொருந்தாது. சின்னப் பூச்சியுண்ணி வௌவால்களில் பல, நெஞ்சுத் தசையின் வலுவால் தரையை அறைந்து எழும்பிவிடும். தென்னமெரிக்காவின் இரத்தம் குடிக்கும் வௌவால் கைகளால் உந்தித் துள்ளும், ஓடவும் செய்யும். உண்மையில் திணறுவது பெரிய பழந்தின்னிதான். ஒரு கிலோவை ஒட்டிய எடையும், விரித்தால் ஒரு மீட்டரைத் தாண்டும் சிறகும் வைத்துக்கொண்டு தரையில் சிறகடிக்க அதற்கு இடமே போதாது. அது ஊர்ந்துபோய் ஏதாவது ஒரு மரத்தில் ஏறித்தான் ஆக வேண்டும்.

சரி, தொங்குவது என்றால் களைப்பாக இருக்காதா? நாம் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கினால் சில நிமிடங்களில் விரல் விட்டுப்போகிறது. தசையைச் சுருக்கி வைத்திருக்க ஆற்றல் செலவாகிறது, அதனால்தான் வலிக்கிறது. வௌவாலின் காலில் வேறு ஏற்பாடு. ஐந்து விரல்களும் ஏறத்தாழ ஒரே நீளம், ஒவ்வொன்றின் நுனியிலும் பக்கவாட்டில் தட்டையான வளைந்த நகம். நகத்தை மடக்கும் தசைநாண் விரலின் அடிப்பக்கமாக ஓடுகிறது. அந்தத் தசைநாணின் ஒரு பகுதியில் சின்னச் சின்ன மேடுகள் உண்டு. அது ஓடும் உறையின் உட்பக்கத்தில் குறுக்கே வரிவரியாக மடிப்புகள் உண்டு. வௌவால் நகத்தை மாட்டித் தன் எடையைக் கீழே விட்டதும் தசைநாண் இழுபடுகிறது, நகம் இன்னும் மடங்குகிறது, மேடுகள் மடிப்புகளில் போய்ச் சிக்குகின்றன. ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் டேகின் பல் சிக்கிக்கொள்வதைப் போல, ஒரு பக்கம் இறுகும், தானாகத் தளராது. இதற்குப் பிறகு தசைக்கு வேலையே இல்லை. எடைதான் பூட்டு. எடை கூடினால் பிடியும் இறுகும்.

இதனால்தான் வௌவால் தூங்கும்போது விழுவதில்லை. தொங்கிய நிலையில் செத்துப்போன வௌவால் அப்படியே தொங்கிக்கொண்டிருப்பதும் இதனால்தான். குகைகளில் காய்ந்துபோன உடல்கள் கூரையிலேயே இருப்பதைக் காண்பவர்கள் அதை உயிரோடு இருப்பதாக நினைத்துவிடுவார்கள். பிடியை விடுவதற்குத்தான் உழைப்பு வேண்டும்: உடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பாரத்தைக் குறைத்து, விரலை நீட்ட வேண்டும். நமக்குப் பிடிப்பது வேலை, விடுவது ஓய்வு. அதற்கு அப்படியே நேர்மாறு.

தலைக்கு இரத்தம் ஏறாதா என்ற கேள்வியும் உண்டு. இதற்கு அளவுதான் முக்கியமான பதில். திரவத்தின் அழுத்தம் அது நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. மனிதரைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் இதயத்திலிருந்து மூளை வரை சுமார் 35 செ.மீ. இரத்தத் தூண் கீழ்நோக்கி அழுத்தும். அது ஏறத்தாழ 27 மி.மீ. பாதரச அளவு கூடுதல் அழுத்தம். பத்து கிராம் எடையுள்ள ஒரு சின்ன வௌவாலில் அந்தத் தூரம் இரண்டரை செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கூடுதல் அழுத்தம் சுமார் 2 மி.மீ.தான். அதைப் பொருட்படுத்தவே தேவையில்லை. பெரிய பழந்தின்னிக்கு இது கொஞ்சம் கூடும், ஆனாலும் நம் நிலைமைக்குக் கிட்டே வராது. இன்னொன்று, பழந்தின்னி தொங்கும்போது கவனித்துப் பாருங்கள்: தலையை நெஞ்சுப் பக்கமாக மடக்கி முன்னால் பார்க்கும். பூச்சியுண்ணிகள் தலையை முதுகுப் பக்கமாக வளைத்துப் பார்க்கும். இரண்டுமே தலையைத் தொங்கப் போட்டபடி இருப்பதில்லை. சிறகில் ஓடும் இரத்தத்துக்கும் தனி ஏற்பாடு உண்டு. வௌவால் சிறகின் சிரைகள் தாமாகவே தாளகதியில் சுருங்கி விரிந்து இரத்தத்தை இதயத்துக்குத் தள்ளுகின்றன. இதை தாமஸ் வார்ட்டன் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1852-ஆம் ஆண்டிலேயே நுண்ணோக்கியில் பார்த்து எழுதிவிட்டார்.

நாள் முழுக்கத் தலைகீழ்தான் என்பதும் முழு உண்மை அல்ல. பழந்தின்னி சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் உடம்பைத் திருப்பி, சிறகின் முன்விளிம்பில் உள்ள கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பிடித்து, தலையை மேலே வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் உடம்பை உதறிக்கொண்டு மறுபடி தலைகீழாகும். மேல் மீதே ஊற்றிக்கொள்ளாமல் இருக்க இதுதான் வழி. ஆலமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றால் இதை நேரிலேயே பார்க்கலாம், சற்றுத் தள்ளி நிற்பது நல்லது. தலைகீழாகத் தொங்காத வௌவால்களும் உண்டு. மத்திய அமெரிக்காவில் சுருண்ட இளம் வாழையின இலைக்குள் அடையும் ஒரு சின்ன வௌவாலும், மடகாஸ்கரில் ஒன்றும், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் உள்ள வட்டத் தட்டுகளால் இலையில் ஒட்டிக்கொண்டு தலையை மேலே வைத்தே ஓய்வெடுக்கின்றன. வழுக்கும் இலையில் நகம் மாட்ட முடியாது. மாட்ட முடியாத இடத்தில் தொங்குவதும் இல்லை. இந்த விதிவிலக்கே விதியைத் தெளிவாக்கிவிடுகிறது.

எப்போது வந்தது இந்தப் பழக்கம்? இதுவரை கிடைத்த மிகப் பழைய வௌவால் எலும்புக்கூடுகள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிடைத்தவை, சுமார் 5 கோடியே 20 லட்சம் ஆண்டுகள் பழையவை. அவற்றில் 2008-இல் விவரிக்கப்பட்ட ஒன்றுக்குக் கை விரல்கள் ஐந்திலும் நகம் இருந்தது. இன்றைய வௌவால்களுக்குப் பொதுவாக ஒன்றோ இரண்டோ விரலில்தான் கை நகம் உண்டு. மரத்தில் ஏறி, கிளைக்கு அடியில் தொங்கித் திரிந்த ஒரு உயிர் பிறகு பறக்கப் பழகியிருக்க வேண்டும் என்று அந்தக் கைகள் சொல்கின்றன.

ஒரே வாசலில் எத்தனை உயிர்கள்

தொங்குவதற்கு நல்ல இடம் கிடைப்பது எளிதல்ல. நகம் மாட்டச் சொரசொரப்பு வேண்டும், விழுந்து கிளம்பக் கீழே வெற்றிடம் வேண்டும், பாம்பும் பூனையும் எட்டாத உயரம் வேண்டும், வெயிலும் காற்றும் தாக்காத ஈரப்பதம் வேண்டும். சிறகின் தோல் மெல்லியது, எளிதில் காய்ந்துவிடும். இவ்வளவும் சேர்ந்த குகையோ மண்டபமோ ஒரு வட்டாரத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதனால் அங்கே கூட்டம் சேர்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் சான் அன்டோனியோவுக்கு அருகே உள்ள பிராக்கன் குகையில் கோடைக்காலத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வௌவால்கள் தங்குகின்றன. அவை கிளம்பும்போது வானிலை ரேடாரில் மேகம் போலத் தெரியும்.

கூட்டம் என்றால் வேட்டைக்காரருக்கும் தகவல் தெரிந்துவிடும். பிராக்கன் குகை வாசலில் பருந்துகளும் வல்லூறுகளும் மாலையில் வந்து காத்திருக்கின்றன. கீழே பாம்புகளும் ரக்கூன்களும் காத்திருக்கின்றன. வாசல் ஒன்றுதான், நேரமும் ஏறத்தாழத் தெரிந்ததுதான். இப்படிப்பட்ட வாசலை எப்படிக் கடப்பது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வௌவாலைப் பிடிக்கும் ஒரு பருந்து வாசலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 வௌவால்கள் ஒவ்வொன்றாக, இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு வெளியேறினால் 60 போய்விடும். அதே 200 இருபது நிமிடத்துக்குள் வெளியேறினால் 10தான் போகும். பருந்தின் திறமை மாறவில்லை, பசியும் மாறவில்லை. அதற்குக் கிடைத்த நேரம்தான் குறைந்தது. பிடித்ததைக் கொண்டுபோய் உண்டுவிட்டுத் திரும்புவதற்குள் வாசல் காலியாகிவிடும். அதோடு, அடர்த்தியாகப் பாயும் கூட்டத்தில் ஒன்றைக் குறிவைத்துப் பிடிப்பதும் கடினம். தனியாக முந்திக் கிளம்பும் வௌவாலுக்கும் கடைசியாகத் தங்கிப்போன வௌவாலுக்கும்தான் ஆபத்து அதிகம். எல்லாமே நடுவில் இருக்கப் பார்த்தால் என்ன ஆகும்? எல்லாமே ஒரே நேரத்தில் கிளம்பும். யாரும் கட்டளை இடத் தேவையில்லை, தலைவனும் தேவையில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேர்ந்து புறப்படுவது வேறு, சேர்ந்து போவது வேறு. வாசலைத் தாண்டியதும் பெரும்பாலான கூட்டங்கள் பிரிந்துவிடும். ஆலமரத்துப் பழந்தின்னிகளைப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிளம்பினாலும், அத்தி பழுத்திருக்கும் திசைக்குச் சில, இலுப்பை இருக்கும் திசைக்குச் சில என்று தனித்தனியாகவே போகும். திறந்த மரத்தில் அடைவதால் அவற்றுக்கு வாசல் நெருக்கடி இல்லை, அதனால் குகைக் கூட்டத்தைப் போல் நெருக்கியடித்துப் பாய்வதும் இல்லை.

நெருக்கியடித்துப் பாயும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. பூச்சியுண்ணி வௌவால் நம் காதுக்குக் கேட்காத மீயொலியை எழுப்பி அதன் எதிரொலியைக் கேட்டு வழி அறிகிறது. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கத்தினால் தன் எதிரொலி எது என்று எப்படித் தெரியும்? இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கில் உள்ள ஒரு குகையில் எலிவால் வௌவால்களின் முதுகில் மிகச்சிறிய ஒலிவாங்கியை ஒட்டிவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்த ஆய்வு 2025-இல் வெளியானது. வாசலில் அவற்றின் ஒலிகளில் 94 சதவீதம் பக்கத்து வௌவால்களின் சத்தத்தில் மூழ்கிவிடுகின்றன. ஆனாலும் மோதல் ஏறத்தாழ இல்லை. காரணம், வெளியே வந்த சில நொடிகளிலேயே அவை பக்கவாட்டில் விசிறிபோல விரிந்துவிடுகின்றன, அதற்குள் நெரிசல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நெரிசலில் இருக்கும்போது ஒலியைச் சுருக்கி, சத்தத்தைக் குறைத்து, சுருதியை உயர்த்தி, கண்ணுக்கு நேர் முன்னால் பறக்கும் வௌவாலை மட்டும் கவனிக்கின்றன. அதன் மேல் மோதாமல் இருந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் உத்தி.

ஏன் சரியாக அந்தியில்?

பருந்துக்குப் பயம் என்றால் நன்றாக இருட்டிய பிறகு கிளம்பலாமே? பசி விடுவதில்லை. கொசு, சிற்றீ போன்ற சின்னப் பூச்சிகள் பொழுது சாயும் நேரத்தில்தான் காற்றில் கூட்டமாக மிதக்கின்றன. இருட்டியதும் அந்தக் கூட்டம் வேகமாகக் குறைந்துவிடும். அவற்றை நம்பி வாழும் வௌவால், வெளிச்சம் கொஞ்சம் மீதமிருக்கும்போதே ஆபத்தை ஏற்றுக்கொண்டு கிளம்புகிறது. அந்துப்பூச்சியை நம்பும் வௌவால் பொறுமையாக இருக்கும், ஏனென்றால் அந்துப்பூச்சி இரவு முழுக்கக் கிடைக்கும். பிரிட்டனில் சின்ன ஈக்களை உண்ணும் பிபிஸ்ட்ரெல் வௌவால்கள் சூரியன் மறைந்து அரை மணிக்குள் வந்துவிடும், இலைமேல் அமர்ந்த அந்துப்பூச்சியைப் பொறுக்கும் நீள்காது வௌவால் வர ஒரு மணி நேரம் ஆகலாம். ஒரே ஊரில் உள்ள இரண்டு இனங்களின் புறப்பாட்டு நேரத்தை வைத்தே அவை எதை உண்கின்றன என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

கூட்டத்தின் நிலைமையும் நேரத்தை மாற்றும். குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்களுக்குப் பசி அதிகம், அவை முந்தும். டெக்சாஸ் குகைகளில் வறட்சி ஆண்டுகளில் பூச்சி குறைந்ததும், கூட்டம் வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே, சூரியன் இருக்கும்போதே கிளம்பிவிடுவதை ரேடார் பதிவுகள் காட்டின. பருந்து இருப்பது தெரிந்தும்தான். பகல் வெயிலும் ஒரு காரணம்: கறுத்த, மயிரற்ற, அகன்ற சிறகு வெயிலை நன்றாக உறிஞ்சும். பறப்பதால் உண்டாகும் சூட்டோடு அதுவும் சேர்ந்தால் உடம்பு தாங்காது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குகைக்குள் ஆழத்தில் தொங்கும் வௌவாலுக்குப் பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும்? அங்கே பகலும் இருட்டு, இரவும் இருட்டு. வெப்பநிலையும் ஈரப்பதமும் நாள் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான்.

இதற்கான பதில்களில் முக்கியமான ஒன்று மதுரையில் கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க் கடிகாரத்தை ஆராய்ந்த எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களான ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ் ஆகியோரும் மதுரைக்கு அருகே உள்ள குகைகளையே ஆய்வுக்கூடம் ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் என்ற இலைமூக்கு வௌவால். சுமார் பத்து கிராம் எடை, மூக்கின் மேல் இலைபோல மடிந்த தோல். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் இனம் இது.

ஏறத்தாழ எல்லா உயிர்க்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது சரியாக 24 மணி காட்டுவதில்லை, கொஞ்சம் முந்தும் அல்லது பிந்தும். ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தைப் பார்த்து அதைத் திருத்திக்கொள்கிறோம். திருத்த வழியில்லாமல் முழு இருட்டில் விட்டால் பிசகு சேர்ந்துகொண்டே போகும். நாளுக்கு 15 நிமிடம் முந்தும் கடிகாரம் என்று வைத்துக்கொண்டால், 20 நாளில் 5 மணி நேரம் பிசகிவிடும். மாலை ஆறு மணிக்கு விழிக்க வேண்டிய வௌவால் மதியம் ஒரு மணிக்கு விழித்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: கூண்டில் உள்ள வௌவால் சிறகடிக்கத் தொடங்கும் நேரத்தை நாள்தோறும் ஒரு தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாகக் குறித்துக்கொண்டே வந்தால், கடிகாரம் திருத்தப்படுகிறது என்றால் குறிகள் நேர்கோட்டில் செங்குத்தாக இறங்கும், தன்போக்கில் ஓடுகிறது என்றால் கோடு சாய்ந்துகொண்டே போகும்.

மதுரைக் குழு ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்துக் குகையின் ஆழத்தில், வெளிச்சம் எட்டாத இடத்தில் விட்டது. அதைச் சுற்றி அதே இனத்தின் கூட்டம் வழக்கம்போல் தொங்கியது, அந்தியில் வெளியே போனது, விடியலில் திரும்பியது. கூண்டுக்குள் இருந்த வௌவால் வெளிச்சத்தையே பார்க்கவில்லை. ஆனால் அதன் கோடு செங்குத்தாகவே இறங்கியது. கூட்டம் கிளம்பும் நேரத்தில் அதுவும் சிறகடிக்கத் தொடங்கியது. அப்புறம், வௌவால்களே இல்லாத குகையில் தனியாக ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அதே இருட்டு, ஆனால் துணை இல்லை. கோடு சாய்ந்துவிட்டது. இந்த முடிவுகள் 1978-இலும், விரிவாக 1981-இலும் வெளிவந்தன.

அடுத்த சோதனைதான் விஷயத்தை உறுதிசெய்தது. இலைமூக்கு வௌவால்களின் குகைக்குள் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் ஆயிரம் சிறகுகள் வந்து போயின, அதன் கடிகாரம் அதைச் சட்டை செய்யவில்லை, தன்போக்கில் ஓடியது. 1983-இல் வெளியான முடிவு இது. வெறும் சலசலப்போ, காற்றின் அசைவோ கடிகாரத்தைத் திருத்துவதாக இருந்தால் இந்த வௌவாலும் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை என்பதால், தன் இனத்துக்குரிய ஏதோ ஒரு அடையாளத்துக்குத்தான் கடிகாரம் காது கொடுக்கிறது. இனத்துக்கு இனம் மீயொலியின் சுருதி மாறுகிறது என்பதால் அது ஒலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் கூட்டத்தில் யாராவது ஒருவர் வெளியே பார்த்துச் சொல்ல வேண்டுமே? பார்க்கத்தான் செய்கின்றன. பொழுது சாயும் நேரத்தில் சில வௌவால்கள் வாசல் வரை பறந்து வந்து, வட்டமடித்து, மறுபடி உள்ளே போவதைக் காணலாம். வெளிச்சம் இன்னும் அதிகம் என்றால் திரும்பிவிடும், சற்று நேரத்தில் மறுபடி வரும். உள்ளே போகும்போது அவற்றின் பரபரப்பும் சத்தமும் பின்னால் தொங்குபவற்றைத் தொற்றிக்கொள்ளும். கடிகாரம் தோராயமான நேரத்துக்கு எழுப்பிவிடுகிறது, வாசல் வெளிச்சம் துல்லியமான நிமிடத்தைத் தீர்மானிக்கிறது, கூட்டத்தின் அசைவு அந்த நிமிடத்தை எல்லோருக்கும் பரப்புகிறது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் புறப்பாடு சிதறிவிடும்.

வாசலில் விளக்கு போட்டால்

மூன்றில் நாம் எளிதாகக் கெடுப்பது வெளிச்சத்தைத்தான். மதுரையில் டி. ஜோஷியும் சந்திரசேகரனும் செய்த இன்னொரு சோதனையில், ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே மின்னிய ஒரு பிரகாச ஒளி வௌவாலின் கடிகாரத்தை நகர்த்திவிட்டது. இது 1984-இல் வெளியானது. கேமரா ஃபிளாஷ் ஒளிர்வதும் இதை ஒட்டிய நேரம்தான். இருட்டு மண்டபத்துக்குள் போய்த் தொங்கும் கூட்டத்தை ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படம் எடுத்தவர் போய்விடுவார், அந்த வௌவாலின் நேரம் தவறியிருக்கலாம்.

ஃபிளாஷ் போய்விடும், ஃபோகஸ் லைட் போகாது. ஹங்கேரியில் தேவாலயங்களின் கட்டடங்களை அலங்கார விளக்கால் ஒளிரவைத்த இடங்களையும், இருட்டாக விட்ட இடங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வெளியானது. விளக்கு போட்ட இடத்தில் வௌவால்கள் தாமதமாகக் கிளம்பின. குட்டிகள் உருவில் சிறியனவாக இருந்தன. முன்னால் சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்: வெளிச்சம் குறையவில்லை என்று வாசலில் காத்திருக்கும் நேரத்தில்தான் சிற்றீக் கூட்டம் காற்றில் இருந்து மறைகிறது. தாய்க்கு முதல் தீனி தவறுகிறது, பால் குறைகிறது, குட்டி வளர்வதில்லை. வௌவால் செத்து விழுவதில்லை என்பதால் யாரும் கவனிப்பதில்லை, சில ஆண்டுகளில் கூட்டம் குறைந்திருக்கும்.

நம் ஊர்களில் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் விளக்கு போடும்போது வௌவாலை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. விளக்கே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. அவை வெளியேறும் ஓட்டை, சாளரம், படிக்கட்டு எது என்று பார்த்து அந்தப் பக்கம் மட்டும் ஒளி விழாமல் திருப்பினால் போதும். அதுவும் முடியாது என்றால், சூரியன் மறைந்த பிறகு முதல் ஒரு மணி நேரம் அந்த ஒரு விளக்கை மட்டும் அணைத்து வைக்கலாம். பலன் இருக்கிறதா என்று பார்க்கவும் பெரிய கருவி தேவையில்லை. விளக்கு போடுவதற்கு முன் ஒரு வாரமும், போட்ட பிறகு ஒரு வாரமும், முதல் வௌவால் வெளியே வந்த நேரத்தையும் கூட்டத்தின் பெரும்பகுதி வெளியேறி முடித்த நேரத்தையும் அன்றைய சூரிய மறைவு நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடிகார நேரத்தை மட்டும் குறித்தால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் சூரியன் மறையும் நேரமே வாரத்துக்கு வாரம் நகரும். மேகமூட்டமான நாளில் சற்று முந்திக் கிளம்புவது இயல்பு, அதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். மறைவுக்கும் முதல் வௌவாலுக்கும் உள்ள இடைவெளி நிலையாகக் கூடியிருந்தாலோ, வாசல் வரை வந்து திரும்பும் வௌவால்கள் அதிகமாகியிருந்தாலோ, விளக்கு தவறான இடத்தில் இருக்கிறது.